ஜெம் கிளிப் இன்னொரு ஜெம் கிளிப்பை ஏன் பிடிக்கிறது?

மாடிவகுப்பு (பாளையங்கோட்டை) — 6.7.2024, சனி, இரவு 9.40

சனிக்கிழமை காலையில் எங்கள் மொட்டைமாடிக்கு ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். ஐந்து முதல் ஏழு வயது வரை. இன்று காந்தம் எடுத்தேன். கையில் இருந்தவை ஒரு சட்டக் காந்தம், ஒரு டப்பா ஜெம் கிளிப், ஒரு சின்னத் திசைகாட்டி.

காந்தத்தின் நுனியில் ஒரு கிளிப்பைத் தொங்கவிட்டேன். அதன் அடியில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று சங்கிலி இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. "மாமா, மேலே இருப்பதுதானே காந்தம்? இது வெறும் கிளிப். கிளிப் எப்படிக் கிளிப்பைப் பிடிக்கிறது?" என்றாள்.

"காந்தத்தின் சக்தி கிளிப் வழியாகக் கீழே இறங்குகிறது" என்றேன். குழாயில் தண்ணீர் வருவதைப் போலச் சொல்லிவிட்டோமே என்று அப்போதே மனம் உறுத்தியது. அவள் தரையில் கிடந்த இரண்டு கிளிப்புகளை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. பிறகு சங்கிலியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

எழுதப் படிக்க இப்போதுதான் தொடங்கும் பிள்ளைகள் இவர்கள். கரும்பலகையில் படம் வரைந்து பயனில்லை. வாயால் சொல்ல வேண்டும், கையால் காட்ட வேண்டும். பொய்யாகவும் இருக்கக் கூடாது. அந்தச் சிறுமிக்கு என்ன சொல்வது?

கடைசல் பட்டறை (கோவை) — 6.7.2024, இரவு 10.25

இதில் சிரமம் ஒன்றுமில்லை. காந்தம் தன் பலத்தில் கொஞ்சத்தைக் கிளிப்புக்குக் கொடுக்கிறது. வாங்கிக்கொண்ட கிளிப்பும் காந்தமாகிறது. எங்கள் பட்டறையில் ஸ்குரூ டிரைவரைக் காந்தத்தில் தேய்த்து வைத்துக்கொண்டால் சின்னத் திருகாணி கீழே விழாமல் நிற்கும். அதே கதைதான். ஆனால் கொடுக்கக் கொடுக்கக் காந்தத்தின் பலம் குறையும். பிள்ளைகளிடம் காந்தத்தை அளவாகப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

மதுரை டீச்சர் — 7.7.2024, காலை 6.15

தம்பி, கோவைக்காரர் சொன்னதில் பாதி சரி. கிளிப் உண்மையிலேயே காந்தமாகிறது. அதைத்தான் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்: "சக்தி இறங்கவில்லை கண்ணு, காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை இந்தக் கிளிப்பே ஒரு காந்தம்."

மறுபாதி தவறு. காந்தம் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. கிளிப்புக்குள் ஏற்கெனவே இருப்பதைத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். நூறு கிளிப்பைத் தேய்த்தாலும் நல்ல காந்தம் அப்படியே இருக்கும். தேய்த்துவிட்டுக் காந்தத்தைப் பிரித்து எடுக்கும்போது கை கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது அல்லவா? செலவு உங்கள் கையினுடையது.

முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். சிறுபிள்ளைகளிடம் "காந்தத்துக்கு இரும்பைப் பிடிக்கும், அதனால் பக்கத்தில் வருகிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அவர்கள் மனத்தில் அப்படியே தங்கிவிடும். பத்தாம் வகுப்பிலும் காந்தத்துக்கு ஆசை இருப்பதுபோல விடை எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மாடிவகுப்பு — 7.7.2024, மாலை 5.50

டீச்சர் சொன்னதை வீட்டில் சோதித்தேன். முதலில் காந்தம் எத்தனை கிளிப்பைச் சங்கிலியாகத் தாங்குகிறது என்று எண்ணினேன். ஐந்து. பிறகு இருபது கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அதன் பின் தேய்க்காத கிளிப்புகளைக் கொண்டு மறுபடி எண்ணினேன். அதே ஐந்து. பட்டறைக்கார அண்ணன் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் "கிளிப்பே காந்தம்" என்று சொன்னால் அந்தச் சிறுமி விடமாட்டாள், காட்டு என்பாள். கிளிப் இன்னொரு கிளிப்பை இழுப்பதை மட்டும் காட்டினால் போதுமா?

மதுரை டீச்சர் — 7.7.2024, இரவு 8.05

போதாது. இழுப்பதை வைத்து எது காந்தம் என்று சொல்லவே முடியாது. இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டால் அவற்றில் ஒன்றாவது காந்தம் என்று மட்டும்தான் தெரியும். எது என்று தெரியாது. விலக்கினால்தான் இரண்டுமே காந்தம். வெறும் இரும்பு எதையும் விலக்காது.

அதற்குத்தான் திசைகாட்டி. அதன் ஊசி ஒரு சின்னக் காந்தம். வெறும் கிளிப்பைச் சிவப்பு முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் முனை கிளிப்பை நோக்கி வரும். வெள்ளை முனைக்குக் கொண்டுபோனால் அதுவும் வரும். காந்தமான கிளிப்பின் ஒரு நுனி, ஒரு முனையை இழுத்து மறு முனையைத் தள்ளும். தள்ளுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

வாசல்படி — 8.7.2024, காலை 11.30

திசைகாட்டி பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். புதிய மனைக்கு வாசல் பார்க்கக் கைபேசியில் உள்ள திசைகாட்டியை வைத்தேன். தரையில் வைத்தால் ஒரு திசை, கம்பி கட்டிய தூண் பக்கத்தில் வேறு திசை காட்டுகிறது. எதை நம்புவது?

கடைசல் பட்டறை — 8.7.2024, பிற்பகல் 1.10

இரண்டையும் நம்பாதீர்கள். கைபேசி உறையில் மூடுவதற்குக் காந்தம் இருந்தால் உறையைக் கழற்றுங்கள். கம்பியிலிருந்து பத்தடி தள்ளி, திறந்த இடத்தில் நின்று பாருங்கள். தூணுக்குள் இருக்கும் இரும்பும் திசைகாட்டியைத் திசைதிருப்பும். டீச்சர் சொன்ன வெறும் கிளிப்பின் வேலைதான் அது, அளவுதான் பெரிது.

இருபது கிளிப் கணக்கைப் படித்தேன். என் பெரிய காந்தத்தில் நாளை நானே செய்து பார்க்கிறேன்.

மாடிவகுப்பு — 10.7.2024, இரவு 10.00

சனிக்கிழமைக்கு முன்பாகவே ஒத்திகை பார்த்தேன். மோசமாகப் போனது.

டப்பாவிலிருந்து புதுக் கிளிப் ஒன்றை எடுத்துச் சிவப்பு முனைக்குக் கிழக்கிலிருந்து மெல்லக் கொண்டுபோனேன். இழுக்க வேண்டும். முனை நகர்ந்து விலகியது. அடுத்த கிளிப் இழுத்தது. மூன்றாவது மறுபடி தள்ளியது. தேய்க்காத கிளிப்புகளே தள்ளினால் சனிக்கிழமை என்ன காட்டுவது?

ஒரு மணி நேரம் கழித்துத்தான் டப்பாவைக் கவனித்தேன். கிளிப் சிதறாமல் இருக்க அதன் வாயில் வட்டமாகக் காந்தம் வைத்திருக்கிறார்கள். நான் புதிது என்று நினைத்த கிளிப் எல்லாம் வாங்கிய நாளிலிருந்து காந்தத்தோடு குடித்தனம் நடத்தியவை. முக்குக் கடையில் அட்டைப்பெட்டியில் வரும் கிளிப் வாங்கி வந்தேன். அதில் பத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது சிவப்பையும் இழுத்தன, வெள்ளையையும் இழுத்தன. ஒன்று மட்டும் லேசாகத் தள்ளியது. அதை ஒதுக்கிவிட்டேன்.

இதைச் செய்யப்போகிறவர்கள் டப்பாவின் வாயை முதலில் பாருங்கள்.

மதுரை டீச்சர் — 11.7.2024, காலை 6.20

நல்ல காரியம். இன்னொன்றும் நடக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். தேய்த்த கிளிப்பின் காந்தம் மிகவும் மெல்லியது. தள்ளுகிற நுனியை ஊசிக்கு மிக அருகில் கொண்டுபோய்விட்டால் தள்ளுதல் மாறி இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் வந்ததும் ஊசியின் பலம் கிளிப்பின் நுனியைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறது. எனவே தூரத்திலிருந்து மெதுவாக வாருங்கள். ஊசியின் முதல் அசைவை மட்டும் கணக்கில் எடுங்கள். பிள்ளைகள் ஓடிவந்து கிளிப்பைக் கண்ணாடி மேல் வைத்து அழுத்துவார்கள்; அங்கேதான் சோதனை கெடும்.

மாடிவகுப்பு — 13.7.2024, சனி, பிற்பகல் 2.30

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வெறும் கிளிப். திசைகாட்டியின் சிவப்புக்குக் காட்டினார்கள், இழுத்தது. வெள்ளைக்குக் காட்டினார்கள், அதுவும் இழுத்தது. "கிளிப்புக்கு இரண்டும் ஒன்றுதான்" என்றான் ஒருவன். நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

பிறகு கிளிப்பை நேராக்கினோம். நேராக்கிய கம்பியை மேசையில் வைத்து, காந்தத்தின் ஒரே முனையால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தேய்க்க வேண்டும். கோடி வந்ததும் காந்தத்தை உயரத் தூக்கி, வளைத்துக் கொண்டுவந்து, மறுபடி முதல் கோடியில் வைக்க வேண்டும். முப்பது தடவை. எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். இரண்டு பையன்கள் பலகைக்கு இழைப்புளி போடுவதுபோல முன்னும் பின்னும் தேய்த்துவிட்டார்கள். அவர்கள் கம்பி ஊசியை ஏறக்குறைய வெறும் கம்பியாகவே இழுத்தது. மற்ற ஏழு பேருக்கும் சிவப்பு முனை தள்ளிப் போனது. அந்தக் கணத்தில் மாடியில் எழுந்த சத்தத்துக்குக் கீழ்வீட்டு ஆச்சி மேலே ஏறி வந்துவிட்டார்கள்.

சங்கிலிக் கேள்வி கேட்ட சிறுமி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தானே கண்டுபிடித்தாள். காந்தத்தின் ஒரே முனையில் இரண்டு நேரான கம்பிகளைப் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டாள். மேலே இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்க, கீழ் நுனிகள் இரண்டும் கவட்டைபோல விரிந்து நின்றன. விரலால் சேர்த்துவிட்டாள், மறுபடி விரிந்தன. "இரண்டும் காந்தம். அதனால்தான் சண்டை" என்றாள்.

"சண்டை" என்ற சொல்லைத் திருத்தவா என்று ஒரு நொடி யோசித்தேன். விட்டுவிட்டேன். டீச்சர் கோபிக்கலாம்.

மதுரை டீச்சர் — 13.7.2024, மாலை 4.45

கோபம் இல்லை. பார்த்துவிட்டுச் சொன்ன சொல் அது. பார்க்காமலே நாம் கொடுக்கும் சொல்தான் ஆகாது.

வார்டு செவிலி — 13.7.2024, இரவு 7.20

காந்தம் என்ற தலைப்பைப் பார்த்து வந்தேன். சட்டக் காந்தம் பரவாயில்லை. பட்டன் அளவு, உருண்டை அளவில் வரும் வலுவான காந்தங்களைச் சிறுபிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுவரை அழுத்தி ஓட்டை போட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள்.

மாடிவகுப்பு — 13.7.2024, இரவு 9.15

செவிலி அக்கா சொன்னது தக்க சமயத்தில் வந்தது. இன்று ஒரு பையன் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பையில் கொண்டுவந்திருக்கிறான். எனக்குத் தெரியாது. பெரியது, விழுங்க முடியாது. ஆனால் அதைத் திசைகாட்டி மேல் வைத்துவிட்டான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது ஐந்து வயதுப் பையன் ஒருவன் என் சட்டையை இழுத்தான். "மாமா, போன வாரம் சிவப்பு தண்ணீர்த்தொட்டியைக் காட்டியது. இன்று மாடிப்படியைக் காட்டுகிறது." தொட்டி வடக்கே, படி தெற்கே. ஊசியின் முனைகள் இடம் மாறிவிட்டன. மற்ற எட்டுப் பேரும் நானும் திசைகாட்டி தப்பாகாது என்று நம்பிக்கொண்டிருந்தோம். எப்படிச் சரிசெய்வது?

கடைசல் பட்டறை — 13.7.2024, இரவு 9.50

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. சட்டக் காந்தத்தை நூலில் கட்டிக் கிடையாகத் தொங்கவிடுங்கள். ஆடி நின்றதும் தெற்கே பார்க்கும் கோடியில் ஒரு குறி போடுங்கள். அந்தக் கோடிதான் வேண்டும். திசைகாட்டியைச் சாய்த்தால் ஊசி கண்ணாடியில் முட்டி நின்றுவிடும். சுழலாமல் பிடித்துக்கொண்டு, குறிபோட்ட கோடியை ஊசியின் நடுவில் வைத்துச் சிவப்பு நுனியை நோக்கி இழுத்து அப்படியே வெளியே எடுத்துவிடுங்கள். நான்கைந்து தடவை. ஊசியைச் சாய்த்து நிறுத்தாவிட்டால் அது சுற்றிக்கொண்டு மறு முனையைக் காட்டும்; வேலை நடக்காது.

முன்பு பலம் குறையும் என்று எழுதினேனே, அது தவறுதான். இருபத்தைந்து கிளிப் தேய்த்துப் பார்த்தேன், குறையவில்லை. எங்கள் பட்டறைக் காந்தம் பலம் இழந்தது திரும்பத் திரும்பக் கீழே விழுந்ததால் என்று இப்போது நினைக்கிறேன்.

மாடிவகுப்பு — 14.7.2024, காலை 8.30

மூன்றாவது இழுப்பிலேயே திரும்பிவிட்டது. காலை வெயிலைப் பார்த்துக் கிழக்கைச் சரிபார்த்தேன். சிவப்பு தொட்டியைக் காட்டுகிறது. நன்றி அண்ணே.

இனி ஒவ்வொரு வகுப்பும் இந்தச் சோதனையோடுதான் தொடங்கும்: சூரியன் எங்கே, தொட்டி எங்கே, சிவப்பு எங்கே.

மாடிவகுப்பு — 15.7.2024, இரவு 9.05

அடுத்த கட்டத்தில் நிற்கிறேன். கிளிப் காந்தமாகிறது, சரி. எப்படி? டீச்சர் "உள்ளே இருப்பதைத் திருப்பிவிடுகிறது" என்றார்கள். உள்ளே குட்டிக் காந்தங்கள் இருக்கின்றன, எல்லாம் கண்டபடி பார்த்துக்கொண்டு நிற்கின்றன, பெரிய காந்தம் வந்ததும் ஒரே பக்கம் திரும்புகின்றன என்று சொல்லலாமா? பிள்ளைகளையே குட்டிக் காந்தங்களாக நிறுத்தி விளையாட்டாகச் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

மதுரை டீச்சர் — 16.7.2024, காலை 6.10

செய்யலாம், ஒரு திருத்தத்தோடு. தனித்தனியாகக் கண்டபடி நிற்பதில்லை. கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. ஒரு கூட்டத்துக்குள் எல்லோரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். அடுத்த கூட்டம் வேறு பக்கம். மொத்தத்தில் ஒன்றையொன்று அடித்துப்போவதால் வெறும் கிளிப் வெளியே காந்தமாகத் தெரிவதில்லை. இரும்புக்குள் இப்படிக் கூட்டங்கள் உண்டு என்று 1907இல் பியர் வைஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்னார்.

காந்தம் வந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்புவதில்லை. சரியான பக்கம் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் வளரும். எல்லையில் நிற்கும் பக்கத்துக் கூட்டத்து ஆள் முதலில் திரும்புவார், பிறகு அவருக்கு அடுத்தவர். கால் நகரக் கூடாது, முகம்தான் திரும்ப வேண்டும். இரும்பின் துகள்கள் இடம் மாறுவதில்லை என்பதால் இந்த விதி முக்கியம்.

டொராண்டோ வாசகி — 17.7.2024, காலை 7.40

யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடாவில் இருக்கிறேன். உங்கள் இழையைப் படித்துவிட்டு மகனோடு திசைகாட்டியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அலைந்தோம். ஒரு விசித்திரம். நிலவறையில் நிற்கும் இரும்புத் தூணின் மேற்பகுதிக்குப் பக்கத்தில் வைத்தால் சிவப்பு முனை தூணை நோக்கி வருகிறது. அடிப்பகுதியில் வைத்தால் வெள்ளை முனை வருகிறது. இரும்பு அலமாரியிலும் அதே கதை. இவற்றை யாரும் காந்தத்தில் தேய்க்கவில்லை. மகன் நான்கு தடவை ஓடி ஓடிச் சரிபார்த்தான்.

மாடிவகுப்பு — 17.7.2024, இரவு 10.20

படித்ததும் எங்கள் இரும்புக் கதவின் நிலைக்கம்பியில் பார்த்தேன். மேலே ஒன்றும் கீழே ஒன்றும் என்று பிரியவில்லை. மேலும் இழுக்கிறது, கீழும் இழுக்கிறது, சிவப்பையும் வெள்ளையையும் ஒரே மாதிரி. அக்கா வீட்டுத் தூணில் ஏதாவது காந்தம் ஒட்டியிருந்ததோ?

மதுரை டீச்சர் — 18.7.2024, காலை 6.30

இருவர் பார்த்ததும் சரி. பூமியும் ஒரு காந்தம் என்று 1600இலேயே வில்லியம் கில்பர்ட் சொல்லிவிட்டார். கனடாவில் அதன் இழுப்பு வடக்கை நோக்கி மட்டும் இல்லை, ஏறக்குறையச் செங்குத்தாகத் தரைக்குள் பாய்வதுபோல இருக்கிறது. வருடக்கணக்கில் நிமிர்ந்து நிற்கும் இரும்பை அந்த இழுப்பு மெல்ல மெல்லக் காந்தமாக்கிவிடும். அக்கா, நீங்கள் பார்த்தது பூமி தேய்த்த கிளிப்.

பாளையங்கோட்டை வேறு. பூமிக்காந்தம் கிடையாகவே ஓடும் நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலிப் பக்கம் புவிகாந்த ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அந்தக் கோட்டின் அருகாமைக்காகத்தான். அங்கே நிமிர்ந்த கம்பிக்கு ஒன்றும் ஆகாது. தம்பி, வடக்குத் தெற்காகப் படுத்திருக்கும் கம்பியைத் தேடுங்கள்.

மாடிவகுப்பு — 18.7.2024, மாலை 6.40

கிழக்குச் சுவர் ஜன்னலின் குறுக்குக் கம்பி வடக்குத் தெற்காகத்தான் ஓடுகிறது. அப்பா காலத்தில் போட்ட ஜன்னல். தெற்குக் கோடியில் வைத்தேன். சிவப்பு முனை கம்பியிடம் வந்தது. வடக்குக் கோடியில் வெள்ளை முனை வந்தது. நான்கு கம்பிகளில் மூன்று இப்படி. நான்காவது கலந்து காட்டுகிறது. அதில் பற்றவைத்த தடம் இருக்கிறது, அதனால்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முப்பது வருடமாகக் கைவைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பி. இன்று வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

டொராண்டோ வாசகி — 19.7.2024, காலை 6.55

மகனிடம் சொன்னேன். "அப்படியென்றால் ஆச்சி வீட்டுத் தூண் வேலை செய்யாதா?" என்றான். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மாவுக்குத் திசைகாட்டி அனுப்பச் சொல்கிறான்.

மாடிவகுப்பு — 20.7.2024, சனி, பிற்பகல் 3.15

கூட்ட விளையாட்டு. ஒன்பது பிள்ளைகள், மூன்று மூன்று பேராக மூன்று கூட்டம். ஒவ்வொருவர் வலது கையிலும் சிவப்பு ரிப்பன். ஒரு கூட்டம் தொட்டியைப் பார்த்தது, ஒன்று படியைப் பார்த்தது, ஒன்று கிணற்றடியைப் பார்த்தது. எல்லோரும் வலது கையை முன்னால் நீட்ட, ரிப்பன்கள் மூன்று பக்கம் போயின. "இதுதான் வெறும் கிளிப்" என்றேன்.

நான் பெரிய காந்தமாகத் தொட்டிப் பக்கமிருந்து மெல்ல வந்தேன். எல்லையில் நின்ற பையன் முதலில் திரும்பினான். அவனைப் பார்த்து அடுத்தவள். கால் நகர்ந்தவர்களை மற்றவர்களே அதட்டினார்கள். ஒன்பது ரிப்பன்களும் தொட்டியை நோக்கி வந்துவிட்டன. நான் பின்வாங்கிப் போனேன். "மறந்துவிடுங்கள்" என்றதும் சிலர் பழைய பக்கம் திரும்பினார்கள், சிலர் அப்படியே நின்றார்கள். அந்த மிச்சம்தான் தேய்த்த கிளிப்பில் தங்கும் காந்தம் என்று சொல்ல அருமையான இடம்.

பிறகு எல்லோரையும் குதிக்கச் சொன்னேன். பத்துக் குதியில் வரிசை கலைந்தது. உடனே தேய்த்த கம்பி ஒன்றைக் கொண்டுவந்து, அம்மிக்கல்லின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் முப்பது தட்டுத் தட்டினோம். திசைகாட்டியிடம் கொண்டுபோனால் தள்ளுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. குதித்ததற்கும் தட்டியதற்கும் உள்ள உறவை நான் சொல்லவில்லை. மூன்று பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

தேய்த்த இன்னொரு கம்பியைக் கட்டிங் பிளேயரால் இரண்டாக வெட்டினேன். "ஒரு துண்டு தள்ளும், ஒரு துண்டு இழுக்கும்" என்று பெரும்பாலோர் பந்தயம் கட்டினார்கள். இரண்டு துண்டுகளுக்கும் தள்ளும் நுனி ஒன்றும் இழுக்கும் நுனி ஒன்றும் இருந்தன. மறுபடி வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். அப்போதும் அப்படியே. விரலில் பிடிக்க முடியாத அளவு வரும்வரை வெட்டவைத்துவிட்டார்கள்.

கடைசல் பட்டறை — 20.7.2024, மாலை 5.00

எவர்சில்வர் ஏன் ஒட்டுவதில்லை என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லையா? எங்கள் வீட்டில் அதுதான் முதல் கேள்வி.

மாடிவகுப்பு — 20.7.2024, மாலை 5.35

கேட்டார்கள். டம்ளரில் ஒட்டவில்லை, இண்டக்ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடியில் ஒட்டியது. ஒரு ரூபாய் நாணயத்தில் ஒட்டியது, மஞ்சள் ஐந்து ரூபாயில் ஒட்டவில்லை. "எல்லா உலோகமும் ஒட்டிவிடாது. உள்ளே ஒன்றாகத் திரும்பும் கூட்டம் இருந்தால்தான் ஒட்டும்" என்றேன். ஆனால் ஒரு கரண்டியின் கழுத்தில் மட்டும் லேசாக ஒட்டியது, தலையில் ஒட்டவில்லை. என்னால் விளக்க முடியவில்லை.

கடைசல் பட்டறை — 20.7.2024, மாலை 6.10

அது எனக்குத் தெரியும். ஒட்டாத எவர்சில்வர் தகட்டைக் குளிர்ந்த நிலையில் வளைத்தோ நசுக்கியோ அடித்தால், அடிபட்ட இடத்தில் உள்ளமைப்பு மாறிக் கொஞ்சம் ஒட்டும். கடைசலில் வளைத்த விளிம்பில் இதை அடிக்கடி பார்க்கிறோம். டம்ளரின் விளிம்பிலும் வைத்துப் பாருங்கள்.

மாடிவகுப்பு — 21.7.2024, காலை 9.10

விளிம்பில் ஒட்டுகிறது. சின்ன இழுப்புதான். கிளிப்பைப் போலத் தொங்காது, நூலில் கட்டிய காந்தம் அருகே போனதும் தலையாட்டுகிறது.

இப்போது மிஞ்சியது வெட்டிய துண்டுக் கேள்வி. வகுப்பு முடிந்தும் சங்கிலிச் சிறுமி போகவில்லை. "வெட்டிக்கொண்டே போனால் கடைசிக் குட்டிக் காந்தம் வரும். அது ஏன் காந்தம்? அதற்குள்ளும் குட்டி இருக்கிறதா?" என்றாள்.

மதுரை டீச்சர் — 21.7.2024, மாலை 5.20

அங்கே உள்ளே ஒன்றும் இல்லை. அந்தக் கடைசிக் குட்டி எலெக்ட்ரான்தான். அது தன்னளவிலேயே காந்தம். எடை இருப்பதைப் போல, மின்னூட்டம் இருப்பதைப் போல, காந்தமும் அதன் உடைமை. நான் அந்தப் பிள்ளையிடம் "கடைசியில் இருப்பது காந்தமாகவே இருக்கிறது, அதற்குள் குட்டி இல்லை" என்றுதான் சொல்வேன்.

டொராண்டோ வாசகி — 22.7.2024, காலை 7.15

டீச்சர், இங்கே எனக்கு ஒப்புதல் இல்லை. "அப்படியே இருக்கிறது" என்றால் பிள்ளை கேள்வியை நிறுத்திவிடும். பெரியவளானால் வேறு கணக்கு ஒன்று இருக்கிறது என்று கதவைத் திறந்தே வைக்க வேண்டாமா?

மதுரை டீச்சர் — 22.7.2024, இரவு 8.40

கதவைத் திறந்து வையுங்கள் அம்மா. ஆனால் கதவுக்குப் பின்னால் இன்னொரு குட்டிக் காந்தம் இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். இல்லாததைக் காட்டி ஏமாற்றுவதைவிட "இங்கே நிற்கிறது" என்பது மேல். இதில் நான் மாறமாட்டேன்.

மாடிவகுப்பு — 27.7.2024, சனி, பிற்பகல் 1.50

அவளிடம் டீச்சர் சொன்னபடியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி, அதை யாராவது வெட்டிப் பார்த்தார்களா?" என்றாள். டொராண்டோ அக்காவின் கவலை தீர்ந்திருக்கும்.

இன்று ஒரு சோதனை வைத்தேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று நேரான கம்பிகள். ஒன்றை மட்டும் நேற்று இரவு தேய்த்து வைத்தேன். எது என்று திசைகாட்டியால் கண்டுபிடிக்க வேண்டும். இன்று வந்தவர்கள் எட்டுப் பேர். ஐந்து பேர் சரியாக எடுத்தார்கள். ஊசியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்த்தவர்கள் இந்த ஐந்து பேர்தான். இரண்டு பேர் சிவப்பில் மட்டும் வைத்து, இழுத்ததும் "இதுதான்" என்று வெறும் கம்பியைக் கொடுத்தார்கள். ஒருவன் மூன்று கம்பியையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்துக் குழம்பிவிட்டான். ஆகஸ்டு முதல் சனிக்கிழமை அவனோடுதான் தொடங்குவேன்.

இன்னொன்று. 13ஆம் தேதி தேய்த்த மூன்று கம்பிகளைத் தீப்பெட்டியில் போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து இன்று திறந்தேன். இரண்டு இன்னும் தள்ளுகின்றன. ஒன்று தள்ளவில்லை.

கடைசல் பட்டறை — 27.7.2024, பிற்பகல் 2.30

தீப்பெட்டியை எங்கே வைத்திருந்தீர்கள்? பக்கத்தில் அந்த ஒலிபெருக்கிக் காந்தம் இருந்ததா?

மாடிவகுப்பு — 27.7.2024, பிற்பகல் 2.45

ஜன்னல் மேடையில். காந்தம் அலமாரியில், நான்கடி தள்ளி. ஆனால் புதன்கிழமை மகள் தீப்பெட்டியைக் கிலுகிலுப்பையாக ஆட்டிக்கொண்டிருந்தாள். மூன்றும் ஒரே பெட்டியில்தான் இருந்தன. ஒன்று மட்டும் ஏன்? புதிதாக ஆறு கம்பி தேய்த்து, மூன்றை ஆட்டாமலும் மூன்றை ஆட்டியும் வைக்கப் போகிறேன்.